கறுப்பாகப் போகிறதா? சத்து மாத்திரை மேல் பழி போடுமுன்

“சத்து மாத்திரை போடறேன்ல டாக்டர், அதான் கறுப்பாப் போகுது.”

வெளிநோயாளிகள் பிரிவில் உட்காரும் மருத்துவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் நோயாளி சொல்வது சரியாகவே இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில் மலம் கறுக்கும். அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு, இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவரும் அவ்வப்போது வந்து உட்காருவார். அவருக்கும் மலம் கறுப்பாகத்தான் போகிறது. அவரும் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்தான். முதல் ஆளைத் தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவது ஆளை அப்படி அனுப்பினால் மறுநாள் அவர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம். இருவரையும் பிரித்துப் பார்க்க, கறுப்பு எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாத்திரையால் வரும் கறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த இரும்பு முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை. பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் ரத்தத்தில் சேரும். ரத்தசோகை கடுமையாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். மிச்சமெல்லாம் குடல் வழியாகக் கீழே போகிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இரும்பு அவற்றோடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு என்ற கரிய பொருளாகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான். உற்றுப் பார்த்தால் அது சுத்தக் கறுப்பாக இருக்காது. முற்றிய கீரையை மசித்து அதில் கரியைக் கலந்தது மாதிரி கரும்பச்சையாக இருக்கும்.

இந்த நிறத்தைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் நிறையப் பேர். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது கெடுதல். நன்றாக இருக்கிற, வேறு தொந்தரவு ஒன்றும் இல்லாத கர்ப்பிணிக்கு மலம் கரும்பச்சையாகப் போவது மாத்திரை உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அவர் மாத்திரையைத் தொடர வேண்டும். வயிறு இறுகினால் தண்ணீரும் காய்கறியும் கூட்டிக்கொள்ளலாம், மருத்துவரிடம் சொல்லி வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாறலாம். தானாக நிறுத்த மட்டும் கூடாது.

ரத்தத்தால் வரும் கறுப்பு வேறு வழியில் உண்டாகிறது. உணவுக்குழாயிலோ, இரைப்பையிலோ, அதற்கு அடுத்து இருக்கும் முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால் அது இரைப்பை அமிலத்தையும் செரிமான நொதிகளையும் சந்திக்கிறது. அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபின் சிதைந்து, ஹெமாட்டின் என்ற கரிய பொருளாக மாறுகிறது. பிறகு குடலின் முழு நீளத்தையும் கடந்து வரும்போது பாக்டீரியாக்களும் தங்கள் பங்குக்கு அதைச் சிதைக்கின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மூலத்திலிருந்தோ ஆசனவாய் வெடிப்பிலிருந்தோ வரும் ரத்தம் இப்படி மாற நேரம் இல்லாததால் சிவப்பாகவே சொட்டுகிறது. மேலே கசிந்த ரத்தம் கறுப்பாக இறங்குவது வழியிலேயே செரித்துவிட்டதால்தான்.

எவ்வளவு ரத்தம் கசிந்தால் மலம் இப்படி ஆகும்? சுமார் 50 முதல் 100 மில்லிலிட்டர் போதும். ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. அதைவிடக் குறைவாக, தினமும் சில சொட்டுகளாகக் கசிந்தால் மலத்தின் நிறம் மாறாமலே இருக்கும். உடல் மட்டும் மாதக்கணக்கில் வெளுத்துக்கொண்டே வரும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தார்க் கறுப்பு என்பது கணிசமான கசிவுக்கு அடையாளம். இதை மருத்துவர்கள் மெலினா என்பார்கள்.

இரண்டையும் வேறுபடுத்த நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பசை, நாற்றம், பதம், உடம்பு என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெலினா தாரைப் போல மினுமினுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். இந்தியக் கழிப்பறையின் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கழுவும்போது கையில் வழவழவென்று ஒட்டும். இரும்பு மாத்திரையால் கறுத்த மலம் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் கெட்டியாக, உருண்டையாக, மினுக்கம் இல்லாமல் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அதன் ஓரம் கரைந்து பரவுகிற இடத்தில் பச்சைச் சாயல் தெரியும்.

அடுத்தது நாற்றம். மெலினாவின் நாற்றத்தை ஒரு முறை அனுபவித்தவர்களுக்கு அது மறக்காது. வார்டுக்குள் நுழையும்போதே, யாருக்கோ ரத்தம் போகிறது என்று செவிலியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். செரித்த ரத்தத்தின் நாற்றம் சாதாரண மல நாற்றம் போல இருக்காது. குமட்டும், கழிப்பறையை விட்டு வந்த பிறகும் வீட்டில் நிற்கும். மாத்திரை மலத்துக்கு இப்படித் தனியான நாற்றம் கிடையாது.

பதமும் துப்புக் கொடுக்கும். ரத்தம் குடலைத் தூண்டிவிடும் தன்மை கொண்டது. அதனால் ரத்தம் கசிகிறவருக்கு ஒரே நாளில் மூன்று நான்கு முறை, இளகலாகப் போகும். “பேதியாகிறது, அதுவும் கறுப்பாக” என்று வருகிறவரை எந்த மருத்துவரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரும்பு மாத்திரை பெரும்பாலோருக்கு மலச்சிக்கலைத்தான் தரும். ஆனாலும் சிலருக்கு அதுவே வயிற்றுப்போக்கையும் தரும் என்பதால், பதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

இவற்றையெல்லாம்விட உடம்பு சொல்வதுதான் முக்கியம். மாத்திரையால் மலம் கறுத்தவர் நடமாட்டத்தில் எந்த மாற்றமும் இருக்காது. ரத்தம் போகிறவருக்கு எழுந்து நின்றால் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், உள்ளங்கை சில்லென்று வியர்க்கும். கழிப்பறையிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

இந்த நான்கும் எப்போதும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை என்பதுதான் சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம், மாத்திரையும் ரத்தக் கசிவும் ஒரே ஆளிடம் இருப்பது. நான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததே அதற்காகத்தான். பல நோயாளிகளிடம் காணப்படுவதை ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஒருவரின் கதையாகச் சொல்கிறேன்.

64 வயதான ஒரு பாட்டி. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தெருமுனை மெடிக்கலில் ‘மூட்டு வலிக்கு’ என்று கேட்டு வாங்கிய மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறார். அது டைக்ளோஃபெனாக். சில மாதங்களாகப் போட்டு வருகிறார். இதற்கிடையில் ‘ஓய்ச்சலாக இருக்கிறது’ என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. வயதானவர், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். சொன்னபடியே கறுத்தது. அவரும் பயப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாரக் கடைசியில் மலம் இளகலாகப் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு முறை. கழிப்பறை ஒரே நாற்றம் என்று மருமகள் சொன்னாள். திங்கட்கிழமை காலை படுக்கையை விட்டு எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குக் கூட்டி வந்தான்.

“எத்தனை நாளா கறுப்பாப் போகுது பாட்டி?”

“அது ரெண்டு மாசமாவே அப்படித்தான் கண்ணு. சத்து மாத்திரை போடறேன்ல.”

“இப்ப போறது அதே மாதிரிதானா, வேற மாதிரியா?”

பாட்டி யோசித்தார். “முன்னாடி கெட்டியாப் போகும். இப்ப ஒட்டுது.”

நோயைப் பாதி கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தக் கடைசிச் சொல்தான். படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு 98, ரத்த அழுத்தம் 116/74. பார்த்தால் பரவாயில்லை போலத்தான் இருந்தது. எழுந்து உட்கார வைத்ததும் நாடி 126 ஆனது, அழுத்தம் 90க்கு இறங்கியது, முகம் வெளிறியது. ஒருவருக்குக் கணிசமாக ரத்தம் போயிருந்தால், அதைப் படுத்த நிலையில் உடல் சமாளித்துக் காட்டும், நிமிர்ந்தால் முடியாது. ஆசனவாய்ப் பரிசோதனையில் கையுறை விரலில் வந்தது, மினுக்கும் தார்.

ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. “பழைய 9.6க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே சார்” என்றான் மகன். பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். ரத்தம் வெளியேறும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறுகின்றன. மீந்திருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறாது. உடல் திசுக்களிலிருந்து நீரை இழுத்துக் குழாய்களை நிரப்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அப்போதுதான் ஹீமோகுளோபின் உண்மையான அளவுக்கு இறங்கும். முதல் சில மணி நேரங்களில் ஹீமோகுளோபினைவிட நாடித்துடிப்பைத்தான் நம்ப வேண்டும்.

மற்றொரு முடிவு உதவியது. யூரியா 82 என்று ஏறியிருந்தது, கிரியாட்டினின் 0.9, அதாவது சிறுநீரகத்தில் பெரிய கோளாறு இல்லை. அப்படியானால் யூரியா எங்கிருந்து வந்தது? ரத்தம் என்பது புரதம். குடலுக்குள் வடிந்த ரத்தத்தை உடல் சாப்பாடு போலச் செரித்து உறிஞ்சுகிறது. அந்தப் புரதம் கல்லீரலில் உடைந்து யூரியாவாகிறது. உடலில் ரத்தம் குறைந்ததால் சிறுநீரகம் யூரியாவை வெளியேற்றுவதும் குறைகிறது. கிரியாட்டினின் ஏறாமல் யூரியா மட்டும் இப்படி ஏறினால் கசிவு மேல்பகுதியில் என்ற சந்தேகம் வலுக்கும். இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் யூரியா ஏறாது.

இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு, குளுக்கோஸ் இல்லாத உப்பு நீர் ஏற்றினார்கள். அமிலத்தை அடக்கும் மருந்தை நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். அன்று மாலை ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கியது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். முன்பெல்லாம் 10க்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்றுவார்கள். பார்சிலோனாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. அளவுக்கு மீறி ஏற்றினால் மறுபடி ரத்தம் கசிவது கூடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. இதய நோய் இருப்பவர்களுக்கு இந்த வரம்பைச் சற்று மேலே வைப்பார்கள்.

24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண். அதன் நடுவில் சிறு முளை போல ஒரு ரத்தக்குழாய் துருத்திக்கொண்டிருந்தது. ரத்தம் அப்போது நின்றிருந்தாலும், இப்படிக் குழாய் தெரியும் புண்கள் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால் சுற்றி அட்ரினலின் ஊசி போட்டு, குழாயை உலோகக் கிளிப்பால் கவ்வி மூடினார்கள். பிறகு மூன்று நாள் அமில அடக்கி மருந்து. எண்டோஸ்கோபிக்குப் பிறகும் இரண்டு நாள் மலம் கறுப்பாகவே வந்தது. பாட்டி கலங்கினார். குடலில் தேங்கியிருந்த பழைய ரத்தம் வெளியேற நான்கைந்து நாள்கூட ஆகலாம். நாடியும் ஹீமோகுளோபினும் நிலையாக இருந்தால் அது புதுக் கசிவு ஆகாது என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது முதல் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தபோதே அது ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணுக்கோ, ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால், சாப்பாடு சரியில்லை என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. ரத்தம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரைப்பைப் புண், இரைப்பைப் புற்று, பெருங்குடல் புற்று எல்லாமே இப்படித்தான் முதலில் ரத்தசோகையாக முகம் காட்டும். பாட்டிக்கு அப்போதே புண் மெல்லக் கசிந்திருக்க வேண்டும். கசிவால் வந்த ரத்தசோகைக்குக் கொடுத்த மாத்திரை, அதே கசிவு பெரிதானபோது அதை மறைக்கும் திரையாகிவிட்டது. இரும்பு மாத்திரை எழுதுகிற மருத்துவர், “மலம் கறுக்கும், பயப்படாதீர்கள்” என்று சொல்வதோடு, “ஒட்டினாலோ, இளகலாகப் போனாலோ, தலை சுற்றினாலோ உடனே வாருங்கள்” என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரை எப்படிப் புண்ணை உண்டாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரைப்பையின் உள்சுவரைத் தன் சொந்த அமிலமே அரித்துவிடாமல் காப்பது அதன் மேல் இருக்கும் சளிப் படலமும் காரத்தன்மையும். அவற்றைச் சுரக்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். மூட்டு வீங்கி வலிப்பதற்கும் அதே இனத்துப் பொருள்தான் காரணம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்றவை மூட்டில் அதை அடக்கும்போது இரைப்பையிலும் அடக்கிவிடுகின்றன. காவல் போன சுவரை அமிலம் அரிக்கிறது.

“சாப்பிட்ட பிறகுதானே போடறேன், ஒண்ணும் ஆகாது” என்று பலர் நம்புகிறார்கள். சாப்பிட்ட பின் போட்டால் வயிற்று எரிச்சல் குறையலாம், புண் வருவதை அது தடுத்துவிடாது. மருந்து வேலை செய்வது ரத்தத்தின் வழியாக. அதனால் ஊசியாகப் போட்டாலும் இரைப்பைக்கு ஆபத்து உண்டு. இன்னொரு தவறான நம்பிக்கை, புண் இருந்தால் வயிறு வலிக்கும் என்பது. வலி மாத்திரையால் வரும் புண், குறிப்பாக வயதானவர்களுக்கு, வலியே இல்லாமல் வளரும். முதல் அறிகுறியே கறுப்பு மலமாக இருக்கலாம். இதயத்துக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பவர் இவற்றோடு வலி மாத்திரையும் சேர்த்தால் ஆபத்து பல மடங்காகும். பாராசிட்டமாலுக்கு இந்தக் குணம் இல்லை. மூட்டு வலிக்கு அதிலிருந்து தொடங்குங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

புண்ணுக்கு மற்றொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து, தனக்கு இரைப்பை அழற்சி வந்ததை நிரூபித்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. புண் இருப்பவருக்கு இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டு வார மருந்தில் ஒழித்துவிட்டால் புண் திரும்பி வருவது பெரிதும் குறையும். எண்டோஸ்கோபியில் சதைத் துணுக்கு எடுப்பது இதற்கும் சேர்த்துத்தான். ஒரு நுணுக்கம்: ரத்தம் கசியும் நேரத்தில் எடுத்த பரிசோதனை, கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அதனால் இல்லை என்று வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

மது அதிகம் குடித்துக் கல்லீரல் சுருங்கியவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு உணவுக்குழாயில் நரம்புகள் புடைத்து நிற்கும். அவை கிழிந்தால் ரத்த வாந்தியோடு கறுப்பு மலமும் வரும், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். கண் மஞ்சளாக, வயிற்றில் நீர் கோத்து இருப்பவருக்கு ஒரே ஒரு முறை தாராகப் போனாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வேறு யோசனை வேண்டாம்.

இனி சாப்பாடு. கீரை நிறையச் சாப்பிட்டால் மலம் கரும்பச்சையாகலாம். பீட்ரூட் சிவப்பாக்கும். நாவல் பழமும் கறுப்புத் திராட்சையும் நிறையத் தின்றால் மறுநாள் இருண்டு போகும். இவை எதுவும் மலத்தைத் தாராக்காது, நாற்றமும் தராது, ஓரிரு நாளில் மாறிவிடும். ஆட்டு ரத்தப் பொரியல் மட்டும் தனி. அதில் இருப்பதும் ஹீமோகுளோபின்தான். அதுவும் வயிற்றில் அதே மாற்றத்துக்கு உள்ளாகிறது. ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் சாப்பிட்டவருக்குத் திங்களன்று கறுப்பாகப் போனால் அதற்கு விளக்கம் இருக்கிறது. மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனைகளில் சில வகை, இந்தப் பொரியலுக்கும்கூட ‘ரத்தம் உண்டு’ என்று காட்டிவிடும். மூக்கில் ரத்தம் வடிந்து விழுங்கினாலும், பல் பிடுங்கிய இடத்திலிருந்து ரத்தத்தை விழுங்கினாலும் இதே கதைதான்.

வேறு சில மருந்துகளும் மலத்தைக் கறுக்க வைக்கும். வாயுத் தொல்லைக்குச் சிலர் சாப்பிடும் கரி மாத்திரை, பாக்டீரியாவை ஒழிக்கும் கூட்டு மருந்தில் சேர்க்கும் பிஸ்மத் ஆகியவை அந்த வகை. பிஸ்மத் நாக்கையும் கறுப்பாக்கும், அதுவே அதைக் காட்டிக்கொடுக்கும். சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்குக் கொடுக்கும் அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரண்டும் இரும்பால் செய்தவை. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்கிறவர் செந்தூரம் சாப்பிடுவதைச் சொல்ல மறந்துவிடுவார். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

மாத்திரையால்தானா என்று பார்க்க, சில நாள் அதை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு, மருத்துவரின் அனுமதியோடு அப்படிச் செய்யலாம். நாலைந்து நாளில் நிறம் திரும்பிவிடும். ஆனால் ரத்தக் கசிவு நின்றாலும் அதே நாலைந்து நாளில்தான் நிறம் திரும்பும். நிறம் திரும்பியதை வைத்து ‘கசிவு இல்லை’ என்று தீர்மானிக்க முடியாது. மலம் ஒட்டுகிறது, நாறுகிறது, தலை சுற்றுகிறது என்றால் இந்தச் சோதனைக்கே இடம் இல்லை.

அப்படி ஒரு நாள் வந்தால் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. வலி மாத்திரையை அந்த வேளையிலிருந்து நிறுத்துங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரலையும் நிறுத்துவதா தொடர்வதா என்பதை மட்டும் அன்றே மருத்துவமனையில் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் அதுவே மாரடைப்பைக் கொண்டுவரலாம். அல்சர் ஜெல்லைக் குடித்துவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்று படுக்காதீர்கள். எண்டோஸ்கோபி செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும், எனவே ஒன்றும் சாப்பிட வேண்டாம். இரு சக்கர வாகனத்தில் உட்கார்ந்து போகக் கூடாது. வழியில் மயங்கினால் விழுவார். 108ஐ அழைத்து, படுக்க வைத்தே கூட்டிப் போங்கள். எண்டோஸ்கோபி வசதி உள்ள மருத்துவமனைக்கு நேரே போனால் நேரம் மிச்சம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.

கிளம்புமுன் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், செந்தூரப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து மலம் மாறியது, மாறுவதற்கு முன் எப்படி இருந்தது, கழிப்பறையில் ஒட்டியதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடாதீர்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினாலும் தவறில்லை.